மயில்கழுத்துப் பட்டுக்கு எந்த நிறப் பொட்டு?

தி.நகரில் பட்டுப்புடவை எடுத்த கையோடு, அதே நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டும் தேடுவது பலரின் வழக்கம். மயில்கழுத்து நிறத்துக்கு இது சரிவராது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்வதால், அசையும்போது நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். கடை விளக்கில் பொருந்திய பச்சைப் பொட்டு, வெயிலில் துருத்திக்கொண்டு நிற்கும்.

அதனால் பார்டரைப் பாருங்கள். அரக்கு பார்டர் என்றால் அரக்குப் பொட்டு. இரண்டையும் கடை வாசலில், பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள்.

காலையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கு அந்த அரக்கே அழகு. மாலை சபா கச்சேரிக்கு அது போதாது. மங்கிய வெளிச்சத்தில் அரக்கு கறுப்பாகத் தெரியும். மாநிற நெற்றியில் எடுபடாது. அங்கே குங்குமச் சிவப்பு வையுங்கள். வட்ட முகம் என்றால் அதே சிவப்பில் நீளப் பொட்டு. குறுகிய நெற்றி என்றால் சிறிய வட்டம்.

ஒட்டிய இடம் அரித்தாலோ வெளுத்தாலோ நிறத்தை மாற்றிப் பயனில்லை. பெரும்பாலும் பசைதான் காரணம். ஸ்டிக்கரை நிறுத்திவிட்டு, தோல் மருத்துவரைப் பாருங்கள்.