மூன்றடிப் பிள்ளையார்... பீடத்தோடா, பீடம் இல்லாமலா?

செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்துக்குள் நுழைந்தாலே உளிச் சத்தம் காதில் விழும். இப்போது அதோடு கிரைண்டரின் இரைச்சலும் சேர்ந்திருக்கிறது. இங்கே அரசின் சிற்பக் கல்லூரி 1957-லேயே தொடங்கிவிட்டது. இவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வெளிநாட்டுக் கோயில்களுக்கும் இங்கிருந்து சிலைகள் போகின்றன. ஆர்டர் பேசுவது மட்டும் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். கையெல்லாம் கல்தூசியாக நிற்கிறவருக்கு எழுதுவதைவிடப் பேசி அனுப்புவது சுலபம். ஆனால், எதைப் பேசி அனுப்பலாம், எதை மெயிலில் எழுதியே ஆகவேண்டும் என்பதில்தான் சிக்கல்.

ஓர் உதாரணம் பார்ப்போம். டொரன்டோவில் ஒரு கோயில் கமிட்டியின் செயலாளர், ‘மூணடியில வலம்புரிப் பிள்ளையார் வேணுங்க’ என்று வாய்ஸ் நோட் அனுப்புகிறார். ஸ்தபதியும் ‘செஞ்சிடலாம் சார்’ என்று பதில் பேசி அனுப்புகிறார். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால், அந்த மூன்றடி என்பது பீடத்தையும் சேர்த்தா? திருவாசி உண்டென்றால் அதன் உச்சி வரைக்குமா, மகுடம் வரைக்குமா? துதிக்கை வலது பக்கம் என்றால் பிள்ளையாருக்கு வலதா, பார்க்கிறவருக்கு வலதா?

இது சின்ன விஷயமில்லை. ஒரு கன அடி கருங்கல் 75 கிலோவுக்குக் குறையாது. இரண்டடி அகலம், ஒன்றரை அடி கனம் உள்ள கல்லில் உயரம் அரையடி கூடினால், செதுக்குவதற்கு முன்பே நூறு கிலோவுக்கு மேல் எடை ஏறிவிடும். கல்லின் விலை, மரப்பெட்டி, கப்பல் கூலி எல்லாம் மாறும். குறைத்துச் செதுக்கிவிட்டாலோ, ஒட்டவைக்க வழியே கிடையாது.

வாய்ஸ் நோட்டில் எண்கள்தான் முதலில் அடிபடும். கிரைண்டர் ஓடுகிற இடத்தில் ‘தேர்ட்டி’யும் ‘தேர்ட்டீனு’ம் ஒன்றுபோலவே கேட்கும். பிறகு சரிபார்க்கலாம் என்றால், நாற்பது வாய்ஸ் நோட்டில் எதில் அளவு சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். மறையும் செய்திகள் வசதியைப் போட்டு வைத்திருந்தால் இன்னும் மோசம். அதில் அதிகபட்சமே 90 நாள்தான். சிலை வேலை நான்கு மாதம் என்றால், சிலை முடிவதற்குள் பேச்சு மறைந்திருக்கும்.

இன்னொன்று, செயலாளர் மட்டும் கேட்டால் போதாது. பொருளாளர், குருக்கள், சிலையை நிறுத்தப்போகிற இன்ஜினீயர் என்று ஒவ்வொருவரும் பார்க்கவேண்டும். எதிரில் இல்லாத, பேச்சில் கலந்துகொள்ளாத ஆளுக்கும் புரியவேண்டிய விஷயம் எதுவோ, அது மெயிலுக்குரியது. பெரிய இங்கிலீஷெல்லாம் தேவையில்லை. சப்ஜெக்ட் இடத்தில் ‘வலம்புரி விநாயகர், 36 அங்குலம், அளவு உறுதி’ என்று போட்டு, கீழே இப்படி எழுதினால் போதும்:

‘ஐயா, வணக்கம். இன்று போனில் பேசியபடி: பீடத்தின் அடியிலிருந்து மகுடம் வரை 36 அங்குலம். இதில் பீடம் 6 அங்குலம். திருவாசி கிடையாது. துதிக்கை பிள்ளையாரின் வலது கைப்பக்கம். பீடத்துக்குக் கீழே புதைக்கும் பகுதி இந்த அளவில் சேராது; அதன் அளவை உங்கள் இன்ஜினீயர் சொல்லவேண்டும். வரைபடம் இணைத்துள்ளேன். சரி என்று இதே மெயிலுக்குப் பதில் வந்த பிறகே கல்லில் கை வைப்போம்.’

கடைசி வரிதான் இதில் உயிர். பதில் வராவிட்டால், ‘மெயில் அனுப்பியிருக்கேன் சார், பார்த்துச் சொல்லுங்க’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டலாம். அதற்குத்தான் குறுஞ்செய்தி.

அதற்காக வாய்ஸ் நோட்டே வேண்டாம் என்றில்லை. முகம் செதுக்கும் கட்டத்தில் மெயில் சுத்தமாக உதவாது. போட்டோவை அனுப்பி, ‘கன்னத்துல இன்னும் ரெண்டு நூல் எடுக்கட்டுமா, இல்ல இந்தச் சதைப்பிடிப்பு இருக்கட்டுமா?’ என்று கேட்டால், அந்தப் பக்கம் பார்த்தபடியே பதில் சொல்வார்கள். இருவர் கண்முன்னும் ஒரே படம் இருக்கும்போது பேச்சுதான் வேகம். தயக்கம்கூடக் குரலில் தெரிந்துவிடும். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதை எழுத்தில் விவாதிக்க ஆரம்பித்தால் விடிந்துவிடும். நேரத்தை மட்டும் கவனிக்கவேண்டும். நம் காலை பதினோரு மணி, டொரன்டோவில் நள்ளிரவு தாண்டிய நேரம்.

‘சிலை தாமதமாகும்’ என்ற தகவலுக்கு இரண்டுமே வேண்டும். முதலில் போனில் சொல்லிவிடுவது மரியாதை. புதிய தேதியை அன்றைக்கே மெயிலில் எழுதுவது பாதுகாப்பு. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தவர்களுக்கு அந்தத் தேதிதான் முக்கியம்.

மெயிலையே நம்பக்கூடாத இடமும் ஒன்று உண்டு. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதித் தொகையை இதில் போடுங்கள்’ என்று மெயில் வந்தால், பணம் அனுப்புகிறவர் அதற்குப் பதில் எழுதக்கூடாது. மெயிலுக்குள் புகுந்து இப்படி எழுதுகிற மோசடிக் கும்பல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, முதல்நாளிலிருந்து பேசுகிற பழைய எண்ணுக்கு போன் செய்து, ஸ்தபதியின் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்பவேண்டும்.