ஏட்டுக் கணக்கு – 9: டிக் விழாத வரிகள்

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் பயிற்சித்தாளின் புகைப்படத்தைப் பார்த்து வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடும் பிளஸ் ஒன் மாணவர்கள் இப்போது நிறைய. மேலே ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தி, கீழே செல்லேடு என்கிற பாஸ்புக். அப்படி ஒரு கணக்கை இந்த வாரம் முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம்.

ரொக்க ஏட்டின் பற்றுப் பக்கத்தில் ஜூன் 1 இருப்பு 40,000 ரூபாய், 8ஆம் தேதி முருகன் காசோலை 12,000, 19இல் கட்டிய ரொக்கம் 10,000, 28இல் செல்வி காசோலை 9,000. வரவுப் பக்கத்தில் வாடகைக் காசோலை 8,000, குமரனுக்கு 15,000, 27ஆம் தேதி ராஜாவுக்கு 6,500. மாத இறுதி இருப்பு 41,500.

செல்லேடும் அதே 40,000இல் தொடங்குகிறது. வாடகை 8,000 போகிறது, முருகனின் 12,000 வருகிறது, குமரனின் 15,000 போகிறது, ரொக்கம் 10,000 வருகிறது, இருப்பு 39,000. பிறகு ஒரு வாடிக்கையாளர் நேரடியாகச் செலுத்திய 3,000. அடுத்து வங்கிக் கட்டணம். படத்தில் அந்தத் தொகையின் மேல் நிழல் விழுந்திருக்கிறது. ஊகிக்க வேண்டாம். இருப்புப் பத்தியில் 42,000க்கு அடுத்து 41,750 இருக்கிறது என்றால் கட்டணம் 250தான். கடைசி வரி, வங்கியே செலுத்திய காப்பீட்டு பிரீமியம் 2,000. முடிவிருப்பு 39,750.

கணக்கில் கை வைக்கும் முன் இரண்டு தலைப்புகளிலும் மாதத்தைப் பாருங்கள். படம் எடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான். இரண்டும் ஜூன் என்றால் பொருந்தாத வரிகளே நமக்கு வேண்டியவை. ரொக்க ஏடு ஜூன், செல்லேடு ஜூலை என்று கொடுத்திருந்தால் எல்லாம் தலைகீழ்: இரண்டிலும் வரும் வரிகளைத்தான் எடுக்க வேண்டும். ஜூனில் எழுதி ஜூலையில் வங்கியைத் தொட்டவை அவைதான். ஜூன் 30 அன்று நிலுவையில் நின்றவையும் அவையே. நம் கணக்கில் இரண்டும் ஜூன். தொடக்க இருப்பு ஒன்றாக இருப்பதும் அதற்குத் துணை நிற்கிறது.

இனி டிக் போடுவோம். ரொக்க ஏட்டின் பற்றுப் பக்கத்தைச் செல்லேட்டின் வரவுப் பத்தியோடு ஒப்பிட வேண்டும். நாம் போட்ட பணம் நமக்குச் சொத்து, வங்கிக்கோ நம்மிடம் பட்ட கடன். அதனால்தான் பக்கம் மாறுகிறது. தேதி இரண்டொரு நாள் தள்ளியிருந்தாலும் தொகையும் பெயரும் பொருந்தினால் டிக். முடிவில் ஐந்து வரிகள் டிக் விழாமல் நிற்கும்.

ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இதனால் செல்லேட்டு இருப்பு நம் 41,500ஐவிடக் கூடுகிறதா, குறைகிறதா? ராஜா காசோலையை நாம் கழித்துவிட்டோம். அவர் இன்னும் வங்கியில் கொடுக்கவில்லை. அங்கே பணம் இருக்கிறது, ஆகவே 6,500ஐக் கூட்டுகிறோம். நேரடியாக வந்த 3,000 நம் ஏட்டில் இல்லை. அதையும் கூட்டினால் 51,000. செல்வியின் காசோலை வசூலாகவில்லை, 9,000ஐக் கழிக்கிறோம். கட்டணம் 250, பிரீமியம் 2,000 இரண்டும் அங்கே போய்விட்டன. கழிவு மொத்தம் 11,250. மீதி 39,750, செல்லேடு சொல்வதும் அதுவே.

விடை வராவிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது வீண்வேலை. எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். 6,000 விலகினால் அதன் பாதி 3,000. கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறீர்கள். 900 விலகினால் அது 9ஆல் வகுபடும். 6,500ஐ 5,600 என்று இலக்கம் மாற்றிப் படித்திருக்கக்கூடும். மங்கலான படத்தில் இது அடிக்கடி நடக்கும். ரொக்க ஏட்டின் இரு பக்க மொத்தத்தையும் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: இரண்டும் 71,000 வர வேண்டும்.

பல மாணவர்கள் இதோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஐந்தும் ஒரே இனம் அல்ல. 3,000, 250, 2,000 மூன்றும் நம் ஏட்டில் விடுபட்டவை. அவற்றை எழுதியே ஆக வேண்டும். எழுதினால் ரொக்க ஏட்டு இருப்பு 42,250 ஆகும். மற்ற இரண்டு காசோலைகளும் நாள் கடந்தால் தாமே சரியாகும். அவற்றுக்குப் பதிவு கிடையாது.

ராஜாவின் காசோலைக்கு மட்டும் ஒரு கெடு உண்டு. ரிசர்வ் வங்கி உத்தரவின்படி 2012 ஏப்ரல் 1 முதல் காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதமே செல்லும். அதற்குள் அவர் வங்கியில் கொடுக்காவிட்டால் அது காலாவதி. 6,500ஐ ரொக்க ஏட்டின் பற்றுப் பக்கத்தில் திரும்ப எழுதி, ராஜாவுக்குத் தர வேண்டிய கடனை மறுபடி நிறுத்த வேண்டும்.