பாதி மாதத்துக்கு எப்படிப் பில் போடுவது?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, தெனாகா நேஷனல் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மீட்டரைப் பார்ப்பது நின்றுபோனது. தடை தளர்ந்தபின் மீட்டர் மீண்டும் பார்க்கப்பட்டது. பல வீடுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாதங்களின் பயன்பாடு ஒரே பில்லில் வந்தது. தொகையைப் பார்த்த மக்கள், "எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மாதமாகக் கணக்குப் போட்டுவிட்டார்களோ?" என்று சந்தேகப்பட்டார்கள். நியாயமான கேள்விதான். இன்று அளந்து கட்டணம் வாங்கும் மென்பொருள் சேவை எதை எழுதினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

அப்போது வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறியது. முதல் 200 யூனிட்டுக்குத் தலா 21.80 சென், அடுத்த 100 யூனிட்டுக்கு 33.40 சென், அடுத்த 300க்கு 51.60 சென், அதற்கடுத்த 300க்கு 54.60 சென். குறைந்தபட்ச மாதக் கட்டணம் 3 வெள்ளி. (2025 ஜூலை 1 முதல் இந்த முறை மாறிவிட்டது.)

மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் வீட்டை எடுத்துக்கொள்வோம். வரியும் பிற சேர்க்கைகளும் நீங்கலாகக் கணக்கு இது: 43.60 + 33.40 + 51.60 = 128.60 வெள்ளி. இரண்டு மாதத்துக்கு 257.20 வெள்ளி. ஆனால் 800 யூனிட்டையும் ஒரே மாதமாக எடுத்தால், விலை கூடிய படிகளுக்கு ஏறி, தொகை 341 வெள்ளியாகிவிடும். அதே மின்சாரம், அதே வீடு, 83.80 வெள்ளி அதிகம்.

இதைத் தடுக்கத்தான் அந்த முறையில் தெனாகா பில்லில் 'ஃபாக்டர் புரோராட்டா' என்ற ஓர் எண் அச்சானது. பில் எத்தனை நாள்களுக்கானதோ, அதற்கேற்பப் படிகளின் அகலத்தை அந்த எண் கூட்டியது அல்லது குறைத்தது. இரண்டு மாத பில் என்றால் முதல் படி 200 யூனிட்டில் முடியவில்லை. 400 யூனிட் வரை நீண்டது. விலை மாறவில்லை, படியின் எல்லைதான் மாறியது. நாள் கணக்கில் பங்கிடுவது என்பதன் சாரம் இதுதான்.

மென்பொருளில் அதே கணக்கு

மூவார் தளவாடத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அங்குள்ள ஒரு தளவாடக் கடை, வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஓர் இணையச் சேவையில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலைகள் கற்பனைதான்: மாதத்தின் முதல் 1,000 செய்திக்குத் தலா 8 சென், அடுத்த 4,000க்கு 6 சென், அதற்கு மேல் 4 சென். குறைந்தபட்ச மாதக் கட்டணம் 60 வெள்ளி. மின்சாரத்தில் ஏறிய விலை, இங்கே இறங்குகிறது. கணக்கு முறை ஒன்றே.

கடை ஜூன் 16ஆம் தேதி சேர்கிறது. மாதத்தின் 30 நாளில் 15 நாள்தான் மீதம். பங்கு விகிதம் 0.5. அதற்குள் 1,500 செய்திகள் போய்விட்டன. எல்லைகளை மாற்றாமல் கணக்கிட்டால், 1,000 செய்திக்கு 80 வெள்ளி, 500க்கு 30 வெள்ளி, மொத்தம் 110 வெள்ளி. எல்லைகளையும் பாதியாக்கினால், முதல் 500க்கு 40 வெள்ளி, அடுத்த 1,000க்கு 60 வெள்ளி, மொத்தம் 100 வெள்ளி.

எது சரி? ஒரு சோதனை இருக்கிறது. இதே வேகத்தில் முழு மாதம் அனுப்பியிருந்தால் 3,000 செய்தி; அதற்கான கட்டணம் 80 + 120 = 200 வெள்ளி. அதில் பாதி 100. எல்லைகளை மாற்றாத கணக்கில் இரண்டு அரை மாதங்களைக் கூட்டினால் 220 வருகிறது. சீராகப் பயன்படுத்தும் ஒருவரின் இரண்டு பாதிகள் ஒரு முழுமைக்குச் சமமாக வரவில்லை என்றால், நிரலில் எங்கோ எல்லை பங்கிடப்படவில்லை என்று பொருள்.

இந்தச் சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. பயன்பாடு சீராக இல்லாவிட்டால் பாதிகள் பொருந்தாது. முதல் பாதியில் 2,800, அடுத்த பாதியில் 200 என்றால், முதல் பில் 172 வெள்ளி. அடுத்த பில் 16 வெள்ளிதான் வருகிறது, ஆனால் பங்கிட்ட குறைந்தபட்சமான 30 வெள்ளிக்கு உயர்கிறது. மொத்தம் 202. இது நிரலின் பிழை அல்ல, முறையின் இயல்பு.

குறைந்தபட்சம் எதற்கு?

குறைந்தபட்சக் கட்டணம் என்பது பயன்பாட்டுத் தொகையோடு கூட்டப்படும் தொகை அல்ல. இரண்டில் எது பெரியதோ அதுவே பில். நமது கடை அந்த 15 நாளில் 300 செய்தி மட்டும் அனுப்பியிருந்தால், பயன்பாடு 24 வெள்ளி. குறைந்தபட்சத்தையும் பாதியாக்கினால் பில் 30 வெள்ளி. அதைப் பாதியாக்க மறந்தால் 60 வெள்ளி. கூட்டிவிட்டால் 84 வெள்ளி. ஒரே ஒப்பந்தத்தில் மூன்று தொகைகள்! எனவே படி, குறைந்தபட்சம் இரண்டையும் முதலில் பங்கிட வேண்டும். பிறகு பயன்பாட்டைப் படிகளில் போட வேண்டும். குறைந்தபட்சத்தோடு ஒப்பிடுவது கடைசி வேலை.

குறைந்தபட்சம் எதன்மேல் விதிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமேசானின் EC2 கணினிச் சேவை 2017 அக்டோபர் 2 முதல் லினக்ஸ் கணினிகளுக்கு மணிக்கணக்கை விட்டு நொடிக்கணக்குக்கு மாறியது. ஆனால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் குறைந்தது 60 நொடி கணக்காகும். பத்துப் பத்து நொடியாக 100 முறை இயக்கினால், பயன்படுத்தியது 1,000 நொடி; கட்டணமோ 6,000 நொடிக்கு. இங்கே குறைந்தபட்சம் மாதத்துக்கு அல்ல, ஒவ்வோர் இயக்கத்துக்கும்.

நள்ளிரவு எப்போது?

நாளை வைத்துப் பங்கிடும் எந்தக் கணக்குக்கும் நாள் எப்போது தொடங்குகிறது என்பது முக்கியம். பல இணையச் சேவைகள் உலகப் பொது நேரத்தைப் பின்பற்றுகின்றன. நமது நேரம் அதைவிட 8 மணி முன்னால் இருக்கிறது. ஜூலை 1ஆம் தேதி காலை 7 மணிக்கு மூவாரில் அனுப்பிய செய்தி, அந்தக் கணக்கில் ஜூன் 30ஆம் தேதி இரவு 11 மணிக்குப் பதிவாகும். ஜூன் பில்லில் சேரும். கடைக்காரரின் சொந்தக் கணக்கும் பில்லும் மாதத் தொடக்கத்தில் மட்டும் சிறிது வேறுபட்டால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

படிக்கட்டு விலையைத் தவறாக எழுதினால் இன்னோர் அடையாளமும் தெரியும். அடைந்த படியின் விலையை எல்லாச் செய்திகளுக்கும் போட்டுவிட்டால், 1,000 செய்திக்கு 80 வெள்ளி, 1,001 செய்திக்கு 60.06 வெள்ளி. ஒரு செய்தி கூடியதும் பில் இறங்குகிறது. சில சேவைகள் வேண்டுமென்றே இப்படி விலை வைப்பதுண்டு. ஒப்பந்தத்தில் அப்படி எழுதாமலே பில் இறங்கினால், அது நிரலின் பிழை.

பில் கணக்கை எழுதும் மாணவர் சோதிக்க வேண்டிய இடங்கள் எல்லைகள்தாம்: 1,000க்கும் 1,001க்கும் இடையே, மாதக் கடைசி நாள் இரவு, சேர்ந்த முதல் நாள். நடுவில் உள்ள எண்களுக்குத் தவறான நிரலும் சில வேளை சரியான விடையே தந்துவிடும்.