ஒரே பங்கை இரண்டு முறை விற்ற கணினி: தரகருக்கு எழுதும் மறுப்புக் கடிதம்

இன்ட்ராடே வர்த்தகத்தில் பங்கு வாங்கியவர் அன்றே அதை விற்றாக வேண்டும். அவர் மறந்தாலும் தரகர் நிறுவனத்தின் கணினி மறக்காது. பிற்பகல் 3:20 மணியை ஒட்டி, கணக்கில் இன்னும் திறந்திருக்கும் இன்ட்ராடே நிலைகளை அதுவே விற்றோ வாங்கியோ முடித்துவிடும். இதற்குச் சந்தையில் ‘ஆட்டோ ஸ்கொயர் ஆஃப்’ என்று பெயர். சரியான நேரம் தரகருக்குத் தரகர் சற்று மாறும். பெரும்பாலான நாள்களில் இது சத்தமில்லாமல் நடந்து முடிகிறது. எப்போதாவது ஒருநாள் ஒரே பங்கை இரண்டு முறை விற்றுவிடுகிறது. அப்போதுதான் தரகரின் உதவி மையத்துக்கு மின்னஞ்சல் எழுதும் வேலை வருகிறது.

ஓர் உதாரணம். ஒரு முதலீட்டாளர் காலை 10:40க்கு ஒரு நிறுவனத்தின் 400 பங்குகளை, பங்கு ஒன்று 512 ரூபாய் வீதம், இன்ட்ராடேயில் வாங்குகிறார். விலை சரிந்தால் தப்பிக்க, 505 ரூபாய் ட்ரிகர், 504 ரூபாய் லிமிட் என்று ஒரு ஸ்டாப் லாஸ் ஆர்டரும் போட்டு வைக்கிறார். விலை நாள் முழுவதும் மெல்ல இறங்கி, 3:20க்கு 505 ரூபாய் 40 காசில் நிற்கிறது. 3:20:06க்குத் தரகரின் கணினி ஸ்கொயர் ஆஃப் ஆர்டரை அனுப்புகிறது. 400 பங்குகளும் சராசரியாக 505 ரூபாய் 10 காசுக்கு விற்கின்றன. அவற்றில் கடைசிச் சில பங்குகள் சரியாக 505.00க்குப் போகின்றன. அந்த விலை பட்டதும் ஸ்டாப் லாஸ் விழித்துக்கொள்கிறது. 3:20:07க்கு இன்னொரு 400 பங்குகள் 504 ரூபாய் 60 காசுக்கு விற்கப்படுகின்றன. கையில் இருந்தது 400 பங்கு, விற்றது 800. இல்லாத 400 பங்குகளை விற்ற கடன் இப்போது முதலீட்டாளர் தலையில்.

இங்கே வேலை செய்தவை இரண்டு வெவ்வேறு கணினிகள். ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்ட உடனேயே பங்குச் சந்தையின் கணினிக்குப் போய்விடுகிறது. அங்கே தனிப் பட்டியலில் காத்திருந்து, ட்ரிகர் விலை பட்டதும் தானாகச் செயல்படுகிறது. ஸ்கொயர் ஆஃப் ஆர்டரோ தரகரின் கணினியிலிருந்து கிளம்புகிறது. வாடிக்கையாளரின் நிலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பது சந்தையின் கணினிக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்வது அதன் வேலையும் அல்ல. ஆகவே தரகரின் கணினி முதலில் நிலுவையில் உள்ள ஸ்டாப் லாஸை ரத்து செய்து, ரத்து ஆனதாகச் சந்தையிடமிருந்து உறுதி வந்த பிறகே விற்க வேண்டும். அந்த உறுதிக்குக் காத்திராமல் விற்றாலோ, ரத்துக் கோரிக்கையையே அனுப்பாமல் விட்டாலோ மேலே சொன்ன விபத்து நேர்கிறது.

கடிதத்தின் கதி இந்த வரிசையில்தான் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு விற்பனைகளிலும் குற்றம் காண முடியாது. ஸ்கொயர் ஆஃப், கணக்குத் தொடங்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி நடந்தது. ஸ்டாப் லாஸ், வாடிக்கையாளரே போட்டது. இரண்டின் விலையும் சந்தை விலைதான். “தவறான விலையில் விற்றுவிட்டீர்கள்” என்று எழுதினால், “வர்த்தகம் சந்தை விலையில் நடந்துள்ளது, எங்கள் தரப்பில் பிழை இல்லை” என்ற அச்சடித்த பதில் வந்து சேரும். அந்தப் பதில் பொய்யும் இல்லை. கேட்க வேண்டியது விலையைப் பற்றி அல்ல, எது முதலில் நடந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி.

இன்னொரு பொதுவான தவறு, வர்த்தகத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்பது. சந்தையில் நடந்துவிட்ட வர்த்தகத்துக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் இருக்கிறார். அவர் நல்லெண்ணத்தோடு வாங்கியவர். செபி 2015இல் வகுத்த விதிகளின்படி, வர்த்தகம் நடந்த 30 நிமிடங்களுக்குள் ரத்துக் கோரிக்கை சந்தைக்குப் போக வேண்டும். விதிவிலக்கான சூழலில் மட்டும் 60 நிமிடம் வரை ஏற்கலாம். கோரிக்கையை அனுப்ப வேண்டியவர் தரகர், வாடிக்கையாளர் அல்ல. விண்ணப்பக் கட்டணம் வர்த்தக மதிப்பில் 5 சதவீதம், ஆனால் 1 லட்சத்துக்குக் குறையாது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் இழப்புக்காக எந்தத் தரகரும் லட்ச ரூபாய் கட்டப்போவதில்லை. பெரிய தொகையிலும் இந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. 2012 அக்டோபர் 5 அன்று எம்கே குளோபல் என்ற தரகு நிறுவனம் சுமார் 650 கோடி ரூபாய்க்குத் தவறுதலாக விற்பனை ஆர்டர்களைப் போட்டதில் நிஃப்டி நொடிகளில் 15 சதவீத அளவுக்குச் சரிந்தது, வர்த்தகமும் சற்று நேரம் நின்றது. அந்த வர்த்தகங்களை ரத்து செய்ய என்.எஸ்.இ. மறுத்தது. ஆகவே சாதாரண முதலீட்டாளர் கேட்க வேண்டியது ரத்து அல்ல. நடந்ததை ஆராய்ந்து, தரகரின் பிழையால் வந்த இழப்பைத் தரகர் ஈடு செய்ய வேண்டும் என்பதே.

கடிதம் எழுதுவதற்கு முன்பு செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்று உண்டு. இல்லாத பங்கை விற்ற நிலையை 3:30க்குள் திரும்ப வாங்கி மூடிவிட வேண்டும். மூடாவிட்டால், கொடுக்க வேண்டிய பங்கு கையில் இல்லாததால் சந்தை அடுத்த வர்த்தக நாளில் ஏலம் நடத்தி வாங்கி, அந்தச் செலவை விற்றவர் கணக்கில் எழுதிவிடும். 3:20க்குப் பிறகு பல தரகர்களின் செயலிகள் புதிய இன்ட்ராடே ஆர்டரை ஏற்காது. அப்போது டெலிவரி வகையில் வாங்கினாலும் கணக்கு நேராகிவிடும். இன்ட்ராடே, டெலிவரி என்ற பிரிவெல்லாம் தரகரின் கணினிக்குள்தான், சந்தையின் பட்டுவாடாவில் ஒரே வாடிக்கையாளர் ஒரே நாளில் ஒரே பங்கில் செய்த வாங்கலும் விற்றலும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். நம் முதலீட்டாளர் 3:24க்கு உதவி மையத்துக்குத் தொலைபேசி, புகார் எண் வாங்கிக்கொண்டு, 3:25க்கு 400 பங்குகளை 508 ரூபாய் 10 காசுக்குத் திரும்ப வாங்குகிறார். இழப்பு பெருகாமல் தடுக்க வாங்கியதே தவிர, அந்த விற்பனையை ஏற்றுக்கொண்டதாகாது என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

சான்றுகளை அன்றே பிடித்து வைக்க வேண்டும். பெரும்பாலான செயலிகளின் ஆர்டர் புக்கில் அன்றைய ஆர்டர்கள்தான் தெரியும், மறுநாள் காலை பார்த்தால் பக்கம் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு ஆர்டரையும் திறந்து, சந்தை கொடுத்த ஆர்டர் எண், நேரம், ஆர்டரைப் போட்டவர் யார் என்ற விவரம் எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். தரகரின் கணினி போட்ட ஆர்டரில் வாடிக்கையாளர் பெயருக்குப் பதிலாக நிர்வாகக் குறியீடு ஒன்று இருப்பது வழக்கம். வழக்கில் இதைவிடப் பெரிய சாட்சி கிடைப்பது அரிது. 24 மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டிய காண்ட்ராக்ட் நோட்டிலும் ஆர்டர் எண், வர்த்தக எண், நேரம் எல்லாம் அச்சாகியிருக்கும்.

இனி கடிதம். அது ஏறத்தாழ இப்படி இருந்தால் போதும்:

“பொருள்: ஸ்கொயர் ஆஃபின்போது ஸ்டாப் லாஸ் ரத்தாகாததால் நேர்ந்த இரட்டை விற்பனை. ஆய்வும் இழப்பீடும் கோரி. தொலைபேசிப் புகார் எண் இணைப்பில்.

இன்று 3:20:06க்கு உங்கள் கணினி என் 400 பங்குகளை 505.10க்கு விற்றது. இத்தோடு என் நிலை பூஜ்ஜியம். 3:20:07க்கு, நிலுவையில் இருந்த என் ஸ்டாப் லாஸ் செயல்பட்டு மேலும் 400 பங்குகள் 504.60க்கு விற்கப்பட்டன. இரண்டின் ஆர்டர் எண்களும் இணைப்பில் உள்ளன.

முதல் விற்பனையை நான் மறுக்கவில்லை. இரண்டாவதை மறுக்கிறேன். ஸ்கொயர் ஆஃபுக்கு முன் நிலுவை ஆர்டர்கள் ரத்து செய்யப்படும் என்று உங்கள் ஆர்எம்எஸ் கொள்கை சொல்கிறது. அந்தப் பத்தியை இணைத்துள்ளேன். ஸ்டாப் லாஸுக்கு ரத்துக் கோரிக்கை அனுப்பப்பட்டதா, அனுப்பப்பட்டிருந்தால் எந்த நேரத்தில், சந்தையின் பதில் எப்போது வந்தது என்பதைக் காட்டும் ஆர்டர் பதிவேட்டை அனுப்புங்கள்.

இழப்பைக் குறைக்க 3:25க்கு 508.10க்குத் திரும்ப வாங்கினேன். இது அந்த விற்பனையை ஏற்றதாகாது. வித்தியாசம் 3.50 ரூபாய், 400 பங்குகளுக்கு 1,400 ரூபாய். இந்த இரு வர்த்தகங்களுக்கும் காண்ட்ராக்ட் நோட்டில் வரும் தரகு, எஸ்டிடி உள்ளிட்ட கட்டணங்களையும் சேர்த்து வரவு வைக்கக் கோருகிறேன்.”

கடிதத்தில் கோரும் தொகை கவனிக்கத்தக்கது. அந்த நாளில் முதலீட்டாளரின் மொத்த நஷ்டம் 4,160 ரூபாய். ஆனால் அதில் 2,760 ரூபாய், 512க்கு வாங்கியது 505.10க்கு விற்றதால் வந்தது. கணினி ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் அது போயிருக்கும். கோபத்தில் முழுத் தொகையையும் கேட்பவர்களே அதிகம். கேட்டதும் மறுமுனையில் இருப்பவருக்கு எளிதாக மறுக்க ஒரு பகுதி கிடைத்துவிடுகிறது, மறுப்பு அந்தப் பகுதியோடு நிற்பதில்லை.

இந்தக் கோரிக்கை தோற்கும் இடமும் உண்டு. சில தரகர்களின் ஆர்எம்எஸ் கொள்கையில், ஸ்கொயர் ஆஃபுக்கு முன் நிலுவை ஆர்டர்களை ரத்து செய்துகொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு என்றே எழுதியிருக்கும். அப்படி இருந்தால் கடிதத்தின் முதுகெலும்பு முறிந்ததாகவே கொள்ளலாம். வரிசை மாறியதே தவிர, வாக்கு மீறப்படவில்லை. அதனால்தான் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிட்டு எழுத வேண்டும். அதேபோல, சந்தையிலேயே விலை ஒரு நொடி தாறுமாறாகத் துள்ளியதால் ஸ்டாப் லாஸ் மாட்டிக்கொண்டதென்றால் தரகரிடம் கேட்க ஒன்றுமில்லை. 2021 ஆகஸ்டில் நிஃப்டி கால் ஆப்ஷன் ஒன்றின் விலை கண் இமைக்கும் நேரத்தில் 800 ரூபாயைத் தாண்டித் திரும்பியபோது பலருடைய ஸ்டாப் லாஸ்கள் அந்த உச்சத்தில் செயல்பட்டன. அதற்கடுத்த மாதம், லிமிட் இல்லாமல் கிடைத்த விலைக்குப் போகும் ஸ்டாப் லாஸ் ஆர்டரை என்.எஸ்.இ. ஆப்ஷன்களில் நிறுத்திவிட்டது.

முதல் பதில் பெரும்பாலும் பொத்தாம்பொதுவாகவே இருக்கும். அதற்குப் புதுக் கடிதம் எழுதாமல், அதே மின்னஞ்சல் தொடரில், “பதிவேடு கேட்டிருந்தேன், அது வரவில்லை” என்று மட்டும் எழுதி, தரகரின் இணையதளத்தில் உள்ள குறைதீர் அதிகாரியின் முகவரிக்கும் நகல் அனுப்பலாம். அங்கும் நகராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளம். அதில் பதிவான புகாருக்குத் தரகர் 21 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் 15 நாள்களுக்குள் மறுஆய்வு கேட்கலாம். அதற்கும் மேலே, 2023இல் தொடங்கிய ஸ்மார்ட் ஓடிஆர் தளத்தில் முதலில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு என்று படிகள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் கேட்கப்படுவது முதல் கடிதமும் அதோடு இணைத்தவையும்தான்.

தரகர் பிழையை ஒப்புக்கொண்டாலும் அந்த இரு வர்த்தகங்கள் அழிந்துபோவதில்லை. காண்ட்ராக்ட் நோட்டில் அப்படியே இருக்கும். ஈடாகத் தரும் பணம் வாடிக்கையாளரின் லெட்ஜரில் தனி வரவாக வரும். வருமான வரிக் கணக்கில் இன்ட்ராடே இழப்பு ஊக வணிக இழப்பாகப் பதியும், அந்த வரவு லாப நஷ்ட அறிக்கையில் தானாகச் சேராது. எனவே வரவு எதற்காக வந்தது என்று காட்டும் தரகரின் மின்னஞ்சலை அந்த ஆண்டின் கணக்கோடு சேர்த்து வைப்பது ஆடிட்டருக்கு வேலையை எளிதாக்கும்.