கட்டிளமைப் பருவப் பெண்களும் இரும்புச்சத்துக் குறைவும்

பிற்பகற் பாடவேளையில் மேசைமீது தலைசாய்க்கும் மாணவியைச் சோம்பேறி என்று கூறிவிடுதல் எளிது. படித்ததை மறந்துவிடுகின்றாள், மாடிப்படி ஏறினாற் களைக்கின்றாள், விளையாட்டு நேரத்தில் நிழலை நாடுகின்றாள் என்பன அவள்மீது அடுத்தடுத்துச் சுமத்தப்படும் குற்றங்களாம். வீட்டிலே தாயார் வேறொன்றையும் கண்டிருப்பார்: அரிசிப்பானையருகே நின்று பச்சையரிசியை அள்ளி மெல்லும் பழக்கம். இவையெல்லாம் ஒருங்கே காணப்படுமிடத்துக் குணக்கேட்டைத் தேடுமுன் குருதியிலுள்ள இரும்பைத் தேடுதல் தகும்.

குருதியின் செந்நிறத்திற்குக் காரணமான ஈமோகுளோபின் இரும்பைக் கொண்டே ஆக்கப்படுகின்றது. நுரையீரலிலிருந்து ஒட்சிசனைச் சுமந்து தசைக்கும் மூளைக்கும் கொண்டுசெல்வது அதுவே. எனினும் இரும்பின் தொழில் அதனோடு முடிவதன்று. தசைக் கலங்களிலே உணவைச் சத்தியாக மாற்றும் நொதியங்களுக்கும், மூளையில் நரம்புச் செய்திகளைக் கடத்தும் பொருள்கள் உண்டாவதற்கும் அது வேண்டும். உடலில் இரும்பு குறையுங்கால் முதலில் ஈரல் முதலியவற்றிலுள்ள சேமிப்புக் கரைகின்றது. குருதியின் ஈமோகுளோபின் வெளிப்படையாக வீழ்வது இறுதியிலேயாம். ஆகவே சோகை என்று வைத்தியர் பெயரிடுமுன்னரே குறைவு தன் வேலையைத் தொடங்கிவிடுகின்றது.

இதற்குச் சான்றாக அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலே உயர்தரப் பாடசாலை மாணவியரிடையே நிகழ்த்தப்பெற்று 1996 இல் வெளியான ஆராய்ச்சியைக் கூறலாம். சோகை இல்லாதிருந்தும் இரும்புச் சேமிப்புக் குன்றியிருந்த 81 மாணவியர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு இரும்பு மாத்திரையும் மற்றப் பிரிவினர்க்கு அதனைப் போன்ற வெறும் மாத்திரையும் எட்டு வாரம் கொடுக்கப்பட்டன. முடிவில், சொற்களைக் கற்று நினைவில் வைத்தலிலே முதற்பிரிவினர் மேம்பட்டனர். கவனத்தை அளந்த சோதனைகளில் வேறுபாடு தோன்றவில்லை. இரும்பு அறிவைப் பெருக்கும் மருந்தன்று. குறைவினால் இழந்ததையே அது மீட்டுத் தருகின்றது. உடலுழைப்பைப் பொறுத்தமட்டில் நம் நாட்டிலேயே சான்றுண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் சோகையுற்ற பெண் தொழிலாளர்க்கு இரும்பு கொடுத்தபோது அவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கூடிற்று என 1979 இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

குறைவு நேரும் வகையை ஒரு குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்குப்போல நோக்கலாம். மரக்கறியுணவே உண்ணும் வீட்டிலுள்ள பதினைந்து வயது மாணவியை எடுத்துக்கொள்வோம். தோல், குடல் முதலியவற்றின் வழியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 மில்லிகிராம் இரும்பு கழிகின்றது. மாதவிடாயிற் போவதை முப்பது நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் அளவாகும். பெருக்கு மிகுதியாயின் இது இரட்டிக்கவுங் கூடும். வளருகின்ற உடலுக்கு மேலும் சிறிது வேண்டும். ஆகச் செலவு 1.5 மில்லிகிராம் என்று கொள்க. சோறு, பருப்பு, கீரை ஆகியவற்றால் அவள் 10 மில்லிகிராம் இரும்பை உண்கின்றாள் எனினும், தாவர உணவின் இரும்பிலே குடல் உறிஞ்சுவது சில வேளை நூற்றுக்கு ஐந்தே. வரவு 0.5; நாட்குறைவு 1. சேமிப்பு 200 மில்லிகிராம் இருந்தால் ஏழு மாதத்துள் அது தீர்ந்துபோம். சேமிப்புக் குறையுந்தோறும் குடல் கூடுதலாக உறிஞ்ச முயலுமாதலின் வீழ்ச்சி சற்று மெதுவாகும். வீழ்ச்சியின் திசை மாறாது. பெண்பிள்ளை பூப்பெய்தியதும் உளுந்துக்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துச் சில நாள் ஓம்புவதும், பின்னர்ப் பழைய உணவுக்கே விட்டுவிடுவதும் நம்மவர் வழக்கம். செலவோ அந்நாளிலே தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேலும் நீள்கின்றது.

இக்கணக்கிலே மாற்றத்தக்கது உண்ணும் அளவைவிட உறிஞ்சும் வீதமே. அதனைக் கெடுப்பவற்றுள் நம் வீடுகளில் முதலிடம் பெறுவது தேநீர். காலையில் பாணோடும், மாலையில் குரக்கன் புட்டோடும் தேநீர் குடித்தல் இயல்பாகிவிட்டது. தேயிலையின் தனின் முதலிய பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடலுக்கு எட்டாமற் செய்கின்றன. தென்னாபிரிக்காவில் நடந்து 1975 இல் வெளியான சோதனையிலே, பாணிலிருந்து நூற்றுக்குப் பத்தளவு உறிஞ்சப்பட்ட இரும்பு, தேநீர் சேர்ந்தபோது மூன்றளவாகக் குறைந்தது. பால் கலப்பதால் இத்தீங்கு நீங்குமென எண்ணுதலாகாது. தேநீரை விலக்கவேண்டியதில்லை, உணவுக்குப் பின் ஒரு மணிநேரமேனும் கழித்து அருந்தினாற் பெரும்பகுதித் தடை நீங்கும்.

உறிஞ்சலைக் கூட்டுவதிலே விற்றமின் சீக்கு நிகரானது வேறில்லை. ஆனால் அது அந்த உணவுடனேயே வயிற்றிற் சேரல் வேண்டும். காலையில் உண்ட நெல்லிக்காய் இரவுச் சோற்றுக்கு உதவாது. வெப்பமும் அதனை அழிக்கும். சொதியை அடுப்பினின்றும் இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடும் நம் தாய்மாரின் முறை சுவைக்காக எழுந்ததாயினும் இவ்வகையில் மிகப் பொருத்தமானது. கீரைக் கடையலிற்கும் வல்லாரைச் சம்பலிற்கும் இவ்வாறே செய்யலாம். உணவின் முடிவில் ஒரு கொய்யாப்பழம் இன்னும் சிறந்தது. பயறு, கடலை ஆகியவற்றின் பைற்றேற்று என்னும் பொருளும் இரும்பைப் பிணிப்பது. ஓரிரவு ஊறவைத்து முளைக்கவிடின் அது குறைவதோடு விற்றமின் சீயும் தோன்றுகின்றது. குரக்கனில் இரும்பு உண்டு என்பது மெய்யே. பைற்றேற்றும் தனினும் உடனிருத்தலால் அதனை மட்டும் நம்புதல் போதாது. மீனுண்ணும் வீடாயின் நெத்தலி போன்ற சிறுமீனிற் சிறிதளவே பயன்தரும். அதன் இரும்பு எளிதில் உறிஞ்சப்படுவதன்றி, உடன் உண்ணும் தாவர உணவின் இரும்பையும் உறிஞ்சச் செய்கின்றது.

உணவு எவ்வளவு செய்யும் என்பதற்கும் எல்லையுண்டு. மேற்கூறிய மாணவியின் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையின் சோகை எனப்படும். அது 9.5 ஆக வீழ்ந்துவிட்டதென்க; 12.5 ஆக உயர்த்தவேண்டும். அவள் உடலிலுள்ள குருதி மூன்று லீற்றராயின், நூறு மில்லிலீற்றருக்கு 3 கிராமாக மொத்தம் 90 கிராம் ஈமோகுளோபின் தேவை. அதற்கு ஏறக்குறைய 300 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வெறுமையான சேமிப்பை நிரப்ப மேலும் 200. உணவைத் திருத்தி, அதன் இரும்பில் நூற்றுக்கு 20 உறிஞ்சப்படினும், வரவு 2 மில்லிகிராம். செலவு போக மிஞ்சுவது 0.5. அந்த 500 மில்லிகிராமைச் சேர்க்க ஆயிரம் நாட்கள் செல்லும். அதற்குள் பரீட்சையும் முடிந்துவிடும். 60 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரையில் பத்தில் ஒரு பங்கே உறிஞ்சப்பட்டாலும் மூன்று மாதத்தளவிற் கணக்கு நேராகும். ஆகவே சோகை வருமுன் காப்பதும், தீர்ந்தபின் மீளாது தடுப்பதும் உணவின் பணி. வந்துவிட்ட சோகைக்கு வைத்தியர் தரும் மாத்திரையே வழி. அம்மாத்திரையையும் தேநீருடன் விழுங்குவோர் உளர். மலம் கறுத்தல் கண்டு அஞ்சி நிறுத்துவோரும் உளர். அது கேடில்லாத விளைவேயாம்.

இமையைத் தாழ்த்தி வெளிறலைப் பார்த்தல் கடுஞ்சோகையை மட்டுமே காட்டும். ஈமோகுளோபினையும், சேமிப்பை அறிவிக்கும் பெரிற்றினையும் சோதித்தாலன்றி உண்மை புலப்படாது. காய்ச்சல் முதலிய தொற்றுள்ள வேளையிற் பெரிற்றின் பொய்யாக உயர்ந்து காட்டும். குருதிக் கலங்கள் சிறுத்திருத்தல் இரும்புக் குறைவுக்கு மட்டும் உரியதன்று. பரம்பரையாக வரும் தலசீமியாவின் சிறு வடிவிலும் அவ்வாறே இருக்கும். அத்தகையோர்க்குச் சேமிப்பு நிறைந்திருக்க இரும்பை மேலும் கொடுத்தலாற் பயனில்லை. மாத்திரையை ஒழுங்காக உண்டும் ஒரு மாதத்தில் ஈமோகுளோபின் ஒரு கிராமளவும் உயரவில்லையாயின், குடற்புழுவோ, மிகுந்த மாதவிடாய்ப் பெருக்கோ, வேறு நோயோ உண்டெனக் கருதி வைத்தியரிடம் மீளவும் காட்டுதல் வேண்டும்.