வேகத்தைக் குறைத்தாலும் தீராத பிழை

புதிதாகத் தயாரான ஒரு சில்லு சோதனை மேசையில் தவறான விடை தருகிறது என்றால், பொறியாளர் முதலில் அதன் கிளாக்கின் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார். பிழை மறைந்துவிட்டால் ஓரளவு நிம்மதி; குறைந்த வேகத்திலாவது சில்லு வேலை செய்யும். எவ்வளவு குறைத்தும் பிழை அப்படியே நின்றால், சந்தேகம் பெரும்பாலும் கிளாக் ஸ்க்யூ பக்கம் திரும்பும்.

சில்லுக்குள் ஒவ்வொரு பிட்டையும் பிடித்து வைத்திருப்பவை ஃபிளிப்-ஃப்ளாப்கள். கிளாக் துடிக்கும் கணத்தில் வாசலில் நிற்கும் 0 அல்லது 1-ஐ அவை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. துடிப்பு வருவதற்குச் சற்று முன்பே தகவல் வந்து நிலைத்திருக்க வேண்டும். இது செட்டப் நேரம். துடிப்பு வந்த பிறகும் சிறிது நேரம் மாறாமல் இருக்க வேண்டும். இது ஹோல்ட் நேரம்.

அ என்ற ஃபிளிப்-ஃப்ளாப்பிலிருந்து ஆ என்பதற்குத் தகவல் போகிறது என்று கொள்வோம். துடிப்பு கிடைத்ததும் அ தன் தகவலை வெளியே விட 80 பிக்கோசெகண்ட் ஆகிறது. (நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிக்கோசெகண்ட்.) இடையிலுள்ள கணக்குச் சுற்றில் மிக நீண்ட வழியைக் கடக்க 370. ஆ-வின் செட்டப் நேரம் 50. மொத்தம் 500. அடுத்த துடிப்பு இதற்கு முன் வரக் கூடாது. ஆகவே கிளாக்கின் மிகக் குறைந்த கால அளவு 500 பிக்கோசெகண்ட். அதாவது 2 கிகாஹெர்ட்ஸ்.

இதுவரை இரண்டுக்கும் ஒரே கணத்தில் துடிப்பு கிடைப்பதாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் அப்படிக் கிடைப்பதில்லை. துடிப்பைச் சுமந்து செல்லும் கம்பிகளின் நீளமும், வழியில் உள்ள பஃபர்களும், அவை இழுக்கும் சுமையும் கிளைக்குக் கிளை வேறுபடுகின்றன. ஆ-வுக்குத் துடிப்பு 70 பிக்கோசெகண்ட் தாமதமாக வருகிறது என்றால் அந்த வித்தியாசமே ஸ்க்யூ.

இந்தத் தாமதம் செட்டப்புக்கு நல்லது. தகவல் வந்து சேரக் கூடுதலாக 70 கிடைப்பதால், இந்த வழிக்கு 430 பிக்கோசெகண்ட் போதும், ஏறத்தாழ 2.3 கிகாஹெர்ட்ஸ். வேண்டுமென்றே கிளாக்கைத் தாமதப்படுத்தி இந்த ஆதாயத்தை எடுக்கும் வடிவமைப்பாளர்களும் உண்டு.

அதற்கான விலை ஹோல்ட் பக்கம் விழுகிறது. அதே இரண்டுக்கும் இடையே குறுக்குவழி ஒன்றும் இருக்கலாம். அ மிக விரைவாக இயங்கினால் 60 பிக்கோசெகண்டில் தகவலை விடுகிறது. குறுக்குவழி 20 எடுக்கிறது. புதிய தகவல் 80-இல் ஆ-வின் வாசலுக்கு வந்துவிடும். ஆ-வுக்கு வேண்டிய ஹோல்ட் நேரம் 30. ஸ்க்யூ இல்லையென்றால் 50 மிச்சம். இப்போதோ ஆ-வின் துடிப்பே 70-இல்தான் வருகிறது. 100 வரை பழைய தகவல் அசையாமல் இருக்க வேண்டும். புதியது 20 பிக்கோசெகண்ட் முந்திக்கொண்டு பழையதைக் கெடுக்கிறது. இந்தக் கணக்கில் கிளாக்கின் கால அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பந்தயம் ஒரே துடிப்பின் இரண்டு விளைவுகளுக்கு இடையே நடக்கிறது. அடுத்த துடிப்பை எவ்வளவு தள்ளிப்போட்டாலும் பயனில்லை.

ஆ-வுக்குத் துடிப்பு 70 முன்னதாக வந்தால் எல்லாம் தலைகீழ். ஹோல்ட் மிச்சம் 120 ஆகப் பெருகும். குறைந்தபட்சக் கால அளவு 570 ஆகி, வேகம் 1.75 கிகாஹெர்ட்ஸாக இறங்கும். ஆ-விலிருந்து அ-வுக்கே இதே அளவு நீளமான வழி திரும்பி வந்தால், ஒரு திசையில் கிடைத்த 70-ஐ மறு திசை வட்டியில்லாமல் திருப்பி வாங்கிவிடும். மிக மோசமான வழிதான் முழுச் சில்லின் வேகத்தையும் முடிவு செய்யும்.

ஹோல்ட் பிழைக்கு வழக்கமான மருந்து, குறுக்குவழியில் பஃபர் செருகித் தாமதம் கூட்டுவது. மேலே சொன்ன கணக்கில் குறைந்தது 20 பிக்கோசெகண்ட் வேண்டும். நீண்ட வழியும் அதே கம்பியைப் பகிர்ந்துகொண்டால் அங்கும் 20 ஏறும். எனவே இடம் பார்த்துச் செருக வேண்டும். சோதனைக்காக ஃபிளிப்-ஃப்ளாப்களை வரிசையாகக் கோக்கும் ஸ்கேன் சங்கிலியில்தான் ஆபத்து அதிகம். அங்கே இடையில் கணக்குச் சுற்றே இல்லை. தகவல் நேராகப் பாய்கிறது. கிளாக்கின் வெவ்வேறு கிளைகளைச் சங்கிலி கடக்கும் இடத்தில் ஒரு லாட்ச் வைத்து, தகவலை அரைத் துடிப்பு நிறுத்திவைக்கிறார்கள்.

ஸ்க்யூவையே குறைக்கலாம், ஆனால் அதற்கு மின்சாரம் செலவாகும். 1992-இல் வந்த 200 மெகாஹெர்ட்ஸ் ஆல்ஃபா 21064 சில்லு, நடுவில் அமைந்த பெரிய டிரைவரிலிருந்து கிளாக்கைப் பரப்பியது. சில்லு உண்ட மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் கிளாக்குக்கே போனது.

வடிவமைப்பை ஆலைக்கு அனுப்புமுன், டிரான்சிஸ்டர்கள் மெதுவாக இயங்கும் நிலைக்கும் மிக வேகமாக இயங்கும் நிலைக்கும் இரண்டு கணக்குகளையும் போட்டுப் பார்ப்பார்கள். முதல் நிலையில் பொதுவாக செட்டப் உடையும்; இரண்டாவதில் ஹோல்ட். செட்டப்பில் சில பிக்கோசெகண்ட் குறைந்தால் வேகத்தை விட்டுக்கொடுத்து அனுப்பிவிட முடியும். ஹோல்டில் ஒரு பிக்கோசெகண்ட் குறைந்தாலும் அந்த வழியைத் திருத்தாமல் அனுப்பத் துணிய மாட்டார்கள்.