ஜூன் 21-இன் பகலைத் தாளில் அளப்பது எப்படி?

சென்னையில் ஜூன் 21 அன்று சூரியன் காலை ஐந்தே முக்கால் வாக்கில் உதித்து, மாலை ஆறரை தாண்டித்தான் மறைகிறது. பகலின் நீளம் 12 மணி 53 நிமிடம். டிசம்பர் 21 அன்று அதே ஊரில் பகல் 11 மணி 21 நிமிடம்தான். பூமியின் அச்சு இருபத்து மூன்றரை பாகை சாய்ந்திருப்பதுதான் இந்த ஒன்றரை மணி நேர வேறுபாட்டுக்குக் காரணம் என்று பள்ளியில் படித்தோம். நடுவில் சூரியன், சுற்றிலும் ஒரு நீள்வட்டம், அதன்மேல் நான்கு பூமி என்று படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் அந்தப் படத்தில் எந்த இடத்தில் ஸ்கேலை வைத்தாலும் அந்த ஒன்றரை மணி நேரம் கிடைக்காது.

போதாக்குறைக்கு அது சில தவறான எண்ணங்களையும் விதைத்துவிடுகிறது. முட்டை போல நீண்டு கிடக்கும் பாதையைப் பார்ப்பவர், சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை, விலகும்போது குளிர் என்றே முடிவு கட்டுவார். உண்மையில் பூமி சூரியனை மிகவும் நெருங்குவது ஜனவரி முதல் வாரத்தில். மிகவும் விலகியிருப்பது ஜூலை முதல் வாரத்தில். பூமியின் பாதையை 10 செ.மீ. ஆரத்தில் அளவு மாறாமல் வரைந்தால், அது வட்டத்திலிருந்து விலகுவது பென்சில் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். பாடநூலில் அது நீள்வட்டமாகத் தெரிவது, வட்டத்தைச் சாய்வாகப் பார்த்து வரைவதால்தான். மாணவர்கள் செய்யும் இன்னொரு தவறு, நான்கு பூமிகளின் அச்சையும் சூரியனை நோக்கியே சாய்த்துவிடுவது. அப்படியானால் வடபாதியில் ஆண்டு முழுவதும் கோடைதான். நான்கு அச்சுக் கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே திசையில் இருக்க வேண்டும். ஜூனில் அந்தத் திசையில் சூரியன் இருக்கிறது. டிசம்பரில் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

பகலை அளக்க வேண்டுமானால் பாதையை விட்டுவிட்டு ஒரே ஒரு பூமியைப் பெரிதாக வரைய வேண்டும். சார்ட் தாளில் 10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். சூரியன் வலப்பக்கம் வெகு தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். மையம் வழியாக மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு. இதுதான் வெளிச்ச எல்லை: இதற்கு வலப்புறம் பகல், இடப்புறம் இரவு, இடப்பாதியை லேசாகத் தீட்டிக்கொள்ளலாம். அடுத்து அச்சு. கோணமானியை மையத்தில் வைத்து, செங்குத்துக் கோட்டிலிருந்து 23½ பாகை தள்ளி, மேல்முனை வலப்பக்கம் சாயும்படி மையம் வழியாக ஒரு கோடு. அந்த அச்சுக்குச் செங்குத்தாக மையம் வழியே போகும் கோடு நிலநடுக்கோடு.

சென்னை இருப்பது வடக்கே 13 பாகையில். நிலநடுக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் வடதுருவத்தை நோக்கி 13 பாகை அளந்து வட்டத்தின்மேல் புள்ளி வைத்து, இரண்டையும் சேருங்கள். ஒரு நாளில் சென்னை சுற்றிவரும் பாதை இந்தக் கோடு. வெளிச்ச எல்லை இதைச் சரிபாதியாக வெட்டவில்லை, அச்சுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. இடப்பக்கம் தள்ளி வெட்டுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். பகல் பகுதி சுமார் 10.7 செ.மீ., இரவுப் பகுதி 8.8 செ.மீ. நிலநடுக்கோட்டை மட்டும் வெளிச்ச எல்லை மையத்தில் சரிபாதியாக வெட்டுவதையும் கவனியுங்கள்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 19.5 செ.மீ. கோட்டில் 10.7 செ.மீ. பகல் என்றால், 24 மணியில் எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 13 மணி 10 நிமிடம் வருகிறது. இது தவறு. தாளில் கோடாகத் தெரிவது உண்மையில் ஒரு வட்டம். வளையலைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் குச்சி போலத் தெரியுமே, அப்படி. சென்னை அந்த வட்டத்தில் ஒரே வேகத்தில் சுற்றினாலும், நம் பார்வைக்குக் கோட்டின் நடுவில் விரைந்தும் முனைகளில் மெல்லவும் நகர்வதாகத் தோன்றும். ஆகவே செ.மீ. கணக்கை மணிக்கணக்காக மாற்றக் கூடாது.

படுத்திருக்கும் வட்டத்தை நிமிர்த்திவிட வேண்டும். சென்னைக் கோடு அச்சை வெட்டும் இடத்தில் காம்பஸ் முனையை வைத்து, கோட்டின் பாதி நீளத்தை ஆரமாகக் கொண்டு, கோட்டுக்கு மேலே ஓர் அரைவட்டம் போடுங்கள். வெளிச்ச எல்லை சென்னைக் கோட்டை வெட்டும் புள்ளியிலிருந்து, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோட்டை எழுப்பி அரைவட்டத்தைத் தொடவிடுங்கள். தொட்ட புள்ளியை அரைவட்டத்தின் மையத்தோடு சேருங்கள். வலமுனையிலிருந்து இதுவரை உள்ள கோணம்தான் பகலில் பாதி. வலமுனை நண்பகல், தொட்ட புள்ளி சூரியன் மறையும் நேரம். அளந்தால் 96 பாகைக்குச் சற்றே குறைவாக இருக்கும். இரண்டால் பெருக்கி, ஒரு மணிக்கு 15 பாகை என்று வகுத்தால் 12 மணி 46 நிமிடம். இந்த நிமிர்த்தும் உத்தி பழையது. கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், சூரியக் கடிகாரம் அமைப்பதற்காக இதை ஒத்த வரைமுறை ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்.

பென்சிலைக் கூர்மையாக வைத்துக்கொள்வது நல்லது. கோணத்தில் ஒரு பாகை பிசகினால் பகலில் 8 நிமிடம் பிசகும்.

அதே தாளில் லண்டனுக்கும் ஒரு கோடு போடலாம். 51½ பாகை வடக்கு. கோடு குட்டையாகிவிடும், வெளிச்ச எல்லையோ அச்சிலிருந்து 3.4 செ.மீ. விலகி வெட்டும். நிமிர்த்தி அளந்தால் கோணம் 123 பாகை, பகல் 16 மணி 24 நிமிடம். 66½ பாகைக்குப் போனால் கோட்டின் இடமுனை வெளிச்ச எல்லையைத் தொட்டு நின்றுவிடும், இரவுப் பகுதியே இருக்காது. அதற்கு மேல் உள்ள ஊர்களில் அன்று சூரியன் மறைவதில்லை.

டிசம்பருக்குப் புதுப் படம் தேவையில்லை. தீட்டிய பக்கத்தைப் பகலாகவும் மற்றதை இரவாகவும் எண்ணிக்கொண்டால் போதும். சென்னைக்கு 11 மணி 14 நிமிடம் வரும். மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் அச்சு சூரியன் பக்கமோ எதிர்ப்பக்கமோ சாய்ந்திருக்காது. நாம் பார்க்கும் திசையில் முன்னோ பின்னோ சாய்ந்திருப்பதால், தாளில் அது வெளிச்ச எல்லையோடு ஒன்றிவிடும். எல்லா ஊர்க் கோடுகளும் சரிபாதியாகும். இடைப்பட்ட நாட்களுக்கு, சூரியனை நோக்கிய சாய்வு எவ்வளவோ அவ்வளவு மட்டும் அச்சைச் சாய்க்க வேண்டும். ஏப்ரல் 16-ஐ ஒட்டி அது 10 பாகை.

படம் 12 மணி 46 நிமிடம் என்கிறது, நாட்காட்டி 53 என்கிறது. அந்த 7 நிமிடம் நம் பென்சிலின் குறை அல்ல. படத்தில் சூரியன் ஒரு புள்ளி. நாட்காட்டியோ அதன் மேல் விளிம்பு தலைகாட்டும் நொடியிலிருந்து, அந்த விளிம்பு மறையும் வரை கணக்கிடுகிறது. காற்று மண்டலமும் ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனை அரை பாகைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறது. இதே காரணத்தால், சம பகலிரவு நாள் என்று நாம் சொல்லும் மார்ச் 20 அன்று சென்னையில் பகல்தான் சில நிமிடங்கள் அதிகம். இரண்டும் உண்மையில் சமமாவது மார்ச் இரண்டாம் வாரத்தில்.